ஒரு கேஜா, நான்கு கேஜா: ஏற்காட்டுத் தொங்கு தராசுக்கான சமனச்சுற்று

ஏற்காட்டில் உறவினர் ஒருவரின் காப்பித் தோட்டக் கிடங்குக்காக, 50 கிலோ மூட்டையைக் கொக்கியில் தொங்கவிட்டு நிறுக்கும் தராசு ஒன்றைச் சேலத்தில் அமைத்தேன். அதன் உணரி ஸ்ட்ரெயின் கேஜ். இழுபட்டால் மின்தடை கூடும், அமுக்கப்பட்டால் குறையும் மெல்லிய உலோகத் தகடு. அந்த மின்தடை மாற்றத்தை அளக்க மூன்று வழிகள் இருந்தன. கேஜையும் ஒரு நிலையான மின்தடையையும் தொடராக இணைக்கும் மின்னழுத்தப் பகுப்பான்; ஒரு கேஜும் மூன்று நிலையான மின்தடைகளும் கொண்ட கால் சமனச்சுற்று; நான்கு கைகளிலும், அதாவது நான்கு மின்தடை இடங்களிலும், கேஜ்களே உள்ள முழுச் சமனச்சுற்று. நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது. அதற்கான காரணத்தை எண்களோடு சொல்வதே இங்கே நோக்கம். ஆகவே மற்ற இரண்டுக்கும் இக்கட்டுரையில் இடம் சற்றுக் குறைவு.

தராசின் உடல் ஓர் இரும்புப் பட்டை. அகலம் 40 மி.மீ., கனம் 10 மி.மீ. ஒரு முனை தூணில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டுள்ளது; மறுமுனையில் கொக்கி. கேஜ் ஒட்டும் இடத்திலிருந்து கொக்கி 140 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. 50 கிலோ தொங்கும்போது அந்த இடத்தில் பட்டையின் மேற்பரப்பு ஏறத்தாழ பத்து லட்சத்தில் 500 பங்கு நீள்கிறது, கீழ்ப்பரப்பு அதே அளவு சுருங்குகிறது. கேஜின் மின்தடை 350 ஓம், கேஜ் காரணி 2; அதாவது நீளம் மாறும் விகிதத்தைப் போல் இரு மடங்கு விகிதத்தில் மின்தடை மாறும். ஆகவே முழு எடைக்கு மின்தடை மாறுவது 0.35 ஓம் மட்டுமே. ஒரு கிலோவுக்கு 0.007 ஓம். இந்த 0.007 ஓம் என்ற எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் புரியும்.

முதலில் பகுப்பான். 5 வோல்ட் கொடுத்தால் நடுப்புள்ளியில் 2.5 வோல்ட் இருக்கும். முழு மூட்டையைத் தொங்கவிட்டால் அது 2.50125 வோல்ட் ஆகும். மாற்றம் 1.25 மில்லிவோல்ட். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சாதாரண 10 பிட் ஏடிசியின் ஒரு படியே 4.9 மில்லிவோல்ட் என்பதால், 50 கிலோ ஏறியதும் இறங்கியதும் அதற்குத் தெரியவே தெரியாது. பெருக்கியை இடையில் வைக்கலாமே என்றால், 500 மடங்கு பெருக்கும்போது அந்த 2.5 வோல்ட்டும் சேர்ந்து பெருகி, பெருக்கி உடனே உச்சத்தில் முட்டிக்கொள்ளும். இதனால் பகுப்பானே பயனற்றது என்று பொருள் கொள்ளக் கூடாது. அதே கிடங்கின் வெப்பநிலையை அளக்க 10 கிலோ ஓம் தெர்மிஸ்டரைப் பகுப்பானில்தான் போட்டிருக்கிறேன். அதன் மின்தடை டிகிரிக்குச் சுமார் 4 சதவீதம் மாறுவதால் டிகிரிக்கு 50 மில்லிவோல்ட் கிடைக்கிறது, அங்கே சமனச்சுற்று வீண் வேலை. மாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும்போதுதான் பகுப்பான் கைவிடுகிறது.

சமனச்சுற்று என்பது ஒரே மின்வழங்கியின் குறுக்கே வைக்கப்பட்ட இரண்டு பகுப்பான்கள். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையேயுள்ள வேறுபாட்டை மட்டும் அளக்கிறோம். 1833-இல் கிறிஸ்டி சொல்லி, 1843-இல் வீட்ஸ்டோன் பரவலாக்கிய அமைப்பு இது; மேல்நிலை வகுப்பு ஆய்வகத்தில் மீட்டர் சமனச்சுற்றைத் தொட்டவர்களுக்கு R1/R2 = R3/R4 என்ற நிபந்தனை நினைவிருக்கும். சமனச்சுற்று உணர்திறனைக் கூட்டுகிறது என்று பொதுவாகச் சொல்லப்படுவதை இங்கே சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு கேஜ் வைத்தால் சமனச்சுற்றிலும் கிடைப்பது அதே 1.25 மில்லிவோல்ட்தான். ஆனால் அதன் அடியில் இருந்த 2.5 வோல்ட்டை எதிர்ப்பக்கப் பகுப்பான் கழித்துவிடுகிறது. பூஜ்யத்திலிருந்து தொடங்கும் 1.25 மில்லிவோல்ட்டைத் தயக்கமின்றி 500 மடங்கு பெருக்கலாம், 0.625 வோல்ட் கிடைக்கும். உணர்திறன் கூடுவதாகத் தோன்றுவது இந்தக் கழித்தலின் பயன்.

இதே கழித்தல் மின்வழங்கியின் அலைச்சலையும் அடக்குகிறது. 5 வோல்ட் ஒரு சதவீதம் ஏறினால் பகுப்பானின் நடுப்புள்ளி 25 மில்லிவோல்ட் நகரும்; அது நாம் தேடும் குறிப்பை, அதாவது எடை தரும் 1.25 மில்லிவோல்ட் மாற்றத்தைப் போல் இருபது மடங்கு. சமனச்சுற்றில் அதே ஏற்றம் எடையின் அளவில் ஒரு சதவீதப் பிழையை மட்டும் தரும். ஏடிசியின் ஒப்பு மின்னழுத்தத்தையும் அதே 5 வோல்ட்டிலிருந்து எடுத்தால் பகுப்பானிலும் இந்தப் பிழை நீங்கிவிடும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆகவே என் தேர்வைத் தீர்மானித்தது மின்வழங்கி அல்ல, வெப்பநிலை.

சேலத்துப் பட்டறையில் பகலில் பூஜ்யம் வைத்த தராசு, மலையேறிய பிறகு விடியற்காலையில் வேலை செய்தாக வேண்டும். 10 டிகிரி வேறுபாடு என்பது அந்தப் பயணத்துக்கு குறைத்தே சொன்ன மதிப்பீடு. கால் சமனச்சுற்றில் இந்த 10 டிகிரி என்ன செய்யும் என்று பார்ப்போம். தராசுக்கும் மின்னணுப் பெட்டிக்கும் இடையே 5 மீட்டர். போகவும் வரவும் மெல்லிய செம்புக் கம்பியின் மின்தடை சுமார் 1 ஓம். செம்பின் மின்தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் மாறும். கம்பி கேஜுடன் தொடராக ஒரே கையில் இருப்பதால், 10 டிகிரிக்கு அந்தக் கையில் 0.039 ஓம் மாற்றம் ஏற்படும். ஒரு கிலோ என்பது 0.007 ஓம் என்றோமே. கொக்கியில் எதுவும் இல்லாதபோதே தராசு ஐந்தரை கிலோ தவறாகக் காட்டும். மூன்றாவது கம்பி ஒன்றை இழுத்து, இரண்டு கம்பிகளையும் அடுத்தடுத்த கைகளில் ஆளுக்கொன்றாக விழச் செய்தால் இந்தப் பிழை பெரும்பாலும் நீங்கும். கால் சமனச்சுற்றை விரும்புவோர் இந்த மூன்று கம்பி முறையைத் தவறவிடவே கூடாது.

அதைச் செய்த பிறகும் நிலையான மின்தடைகள் மிச்சமிருக்கின்றன. கடையில் நல்லதென்று தரப்படும் மெட்டல் ஃபிலிம் மின்தடையே டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை மாறக்கூடியது. ஒன்று அந்த அளவு மாறி, அதன் இணை மாறாமல் இருந்தால், 10 டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 500 பங்கு வேறுபாடு வரும். முழு மூட்டை தரும் மாற்றமே பத்து லட்சத்தில் 1000 பங்குதான். மோசமான நிலையில் 25 கிலோ பிழை என்பது இதன் பொருள். இரண்டும் ஒரே போக்கில் மாறினால் பிழை குறையும் என்பது உண்மையே. ஆனால் தனித்தனியாக வாங்கும் மின்தடைகளில் அதை எதிர்பார்த்து ஒரு தராசைக் கட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கேஜ் வைக்கும் அரைச் சமனச்சுற்று குறிப்பை இரட்டிப்பாக்கி இந்தப் பிழையைப் பாதியாக்கும், ஒழிக்காது.

முழுச் சமனச்சுற்றில் பட்டையின் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கேஜ்களும் ஒரே இரும்பின் மேல், சில சென்டிமீட்டருக்குள் அமர்கின்றன. வெப்பம் நான்கையும் ஒரே அளவில் மாற்றுவதால் விகிதம் குலைவதில்லை. எடை மட்டுமே இரண்டைக் கூட்டி இரண்டைக் குறைக்கிறது. 50 கிலோவுக்கு 1.25-க்குப் பதிலாக 5 மில்லிவோல்ட் கிடைக்கிறது. இவற்றைவிட எனக்கு முக்கியமானது கம்பியின் நிலை. இங்கே நீண்ட கம்பி எந்தக் கைக்குள்ளும் இல்லை. நான்கு கைகளும் பட்டையிலேயே மூடிக்கொள்கின்றன. வெளியே வருவது மின்வழங்கிக்கு இரண்டு கம்பி, குறிப்புக்கு இரண்டு கம்பி. மின்வழங்கிக் கம்பியின் அதே 1 ஓம், அதே 10 டிகிரியில் சமனச்சுற்றுக்குச் சேரும் மின்னழுத்தத்தை 0.011 சதவீதம் மட்டுமே மாற்றுகிறது. பூஜ்யம் அசைவதில்லை, 50 கிலோவில் பிழை 6 கிராமுக்கும் குறைவு. ஒரே கம்பி, ஒரே குளிர். ஐந்தரை கிலோவுக்கும் ஆறு கிராமுக்கும் உள்ள இந்த வேறுபாடுதான் என் தேர்வு. கடையில் கிடைக்கும் லோடு செல்லுக்குள்ளும் பெரும்பாலும் இதே அமைப்புத்தான் இருக்கிறது. பட்டையில் கேஜ் ஒட்டும் பொறுமை இல்லாதவர் அதை வாங்கிக்கொள்வதில் எந்த இழப்பும் இல்லை.

இணைக்கும்போது மேல் கேஜ்கள் இரண்டும் எதிரெதிர்க் கைகளில் வர வேண்டும், கீழ் கேஜ்கள் மற்ற இரண்டு எதிரெதிர்க் கைகளில். மேலவை இரண்டையும் ஒரே பகுப்பானில் போட்டுவிட்டால் இரு நடுப்புள்ளிகளும் அசையாமல் நிற்கும். பட்டையைக் கையால் அழுத்தியும் அளவு மாறவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஒரே பெட்டியில் வந்த கேஜ்களும் சரியாக 350 ஓம் இருக்காது என்பதால் ஒட்டிய உடனே சமநிலை கிடைக்காது. அதிகமாக உள்ள கையின் குறுக்கே பெரிய மின்தடை ஒன்றை இணைத்துச் சரிசெய்யலாம். 350 கிலோ ஓம் இணைத்தால் அந்தக் கை 0.35 ஓம் குறையும். இதே 350 கிலோ ஓம் பிறகு சோதனைக் கருவியாகவும் உதவும். நான்கு கைகளில் ஒன்றை மட்டும் அது ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றுவதால், அதைத் தொட்டவுடன் தராசு 12.5 கிலோவுக்குரிய மாற்றத்தைக் காட்ட வேண்டும். எடைக்கல்லை மலைக்குத் தூக்கிச் செல்லாமலே பெருக்கியும் கம்பிகளும் சரியா என்று இதனால் அறியலாம். பசை விட்டுப்போன கேஜை மட்டும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு நிஜ எடையே வேண்டும்.

முழுச் சமனச்சுற்றாலும் தடுக்க முடியாதது ஈரம். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் ஒரு கேஜின் இரு முனைகளுக்கிடையே மட்டும் ஈரம் படிந்து 10 லட்சம் ஓம் அளவுக்குக் கசிவு உண்டானால், அந்தக் கை 0.12 ஓம் குறைந்து, தராசு நாலரை கிலோவுக்கு நெருக்கமாக நகரும். நான்கு கைகளையும் ஒரேபோல் தாக்குவதற்கு ஈரம் வெப்பத்தைப் போல் சமமாகப் பரவுவதில்லை. காலையில் பூஜ்யம் ஒரு பக்கமாக நகர்ந்து, வெயில் ஏறியதும் தானாகவே திரும்பினால் அது ஈரத்தின் அடையாளம். நகர்ந்தது திரும்பாமலே நின்றால் பசையைச் சந்தேகிக்க வேண்டும். கேஜ்களின் மேல் சிலிகான் பூசி, அதன் மேல் மெழுகும் தகட்டு மூடியும் வைத்திருக்கிறேன். வினிகர் மணம் வீசும் சிலிகானை மட்டும் தவிர்க்க வேண்டும். அதிலிருந்து வெளிவரும் அமிலம் கேஜின் மெல்லிய தகட்டையும் சால்டரையும் அரித்துவிடும். இந்தப் பூச்சு ஒரு மழைக்காலத்தைத் தாங்கியிருக்கிறது. அதற்கு மேல் என் அனுபவம் நீளவில்லை என்பதால், பருவமழை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் வெறுங்கொக்கியின் அளவைக் குறித்துவைக்கும்படி கிடங்கில் சொல்லியிருக்கிறேன்.