கூட்டுக்கடையை விட்டு விலகுவதா, கடையையே கலைப்பதா?

சுங்கை சிப்புட்டில் மூன்று பேர் சேர்ந்து நடத்திய உரக்கடையிலிருந்து நான் விலகியபோது என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. நான் மட்டும் விலகி மற்ற இருவரும் கடையைத் தொடர்வது ஒன்று. கடையைக் கலைத்து, சரக்கை விற்று, கணக்கு முடிப்பது மற்றொன்று. நான் விலகும் வழியை எடுத்தேன், இன்றும் அதைத்தான் சொல்வேன். விலகினாலும் கலைத்தாலும், வணிகங்களைப் பதியும் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இதை எல்லாரும் செய்துவிடுகிறார்கள். சிக்கல் வருவது கடன்காரர்கள் பக்கமிருந்துதான்.

ஒரு கற்பனைக் கணக்கை வைத்துப் பார்ப்போம். முத்து, செல்வம், ராணி மூவரும் பங்காளிகள். மார்ச் 31-இல் முத்து விலகுகிறார். அன்று உர சப்ளையருக்குக் கடை தர வேண்டியது 24,000 ரிங்கிட். "பழைய கடனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று செல்வமும் ராணியும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். மே மாதம் அதே சப்ளையர் 15,000 ரிங்கிட் சரக்கு இறக்குகிறார். முத்து விலகியது அவருக்குத் தெரியாது. ஜூனில் களைக்கொல்லி விற்கும் புதியவர் ஒருவர் 9,000 ரிங்கிட்டுக்குக் கடன் தருகிறார். முத்து என்று ஒரு பங்காளி இருந்ததே அவருக்குத் தெரியாது. ஆகஸ்டில் கடை படுத்துவிடுகிறது.

1961ஆம் ஆண்டு பார்ட்னர்ஷிப் சட்டத்தின்படி 24,000-க்கு முத்து பொறுப்பு. விலகுவதற்கு முன் ஏற்பட்ட கடன் விலகியதால் போகாது என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. பங்காளிகள் கொடுத்த கையெழுத்து சப்ளையரைக் கட்டுப்படுத்தாது. முத்து பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு செல்வத்திடமும் ராணியிடமும் கேட்டு வாங்க மட்டுமே அது உதவும். அவர்களிடம் பணம் இல்லையென்றால் அந்தத் தாளால் பயனில்லை.

15,000-க்கும் அவர் பொறுப்பாகலாம். முத்துவைப் பங்காளியாக அறிந்து பழகிய பழைய சப்ளையர், விலகல் தெரியவரும்வரை அவரைப் பங்காளியாகவே கருத 38ஆம் பிரிவு இடம் தருகிறது. அரசிதழில் விளம்பரம் போட்டால் அது முன்பு கொடுக்கல் வாங்கல் இல்லாதவர்களுக்குத்தான் அறிவிப்பாகும். பழையவருக்கு நேரடியாகத் தெரிவிப்பதே பாதுகாப்பு. ஜூனில் வந்த 9,000 ரிங்கிட் கடன் முத்துவைத் தொடாது.

ஆகவே, விலகுகிறவர் பழைய சப்ளையர்கள் ஒவ்வொருவருக்கும் கடிதம் கொடுத்து, "பெற்றுக்கொண்டேன்" என்று முத்திரையோடு கையெழுத்து வாங்க வேண்டும். இன்னும் நல்லது முத்தரப்பு ஒப்பந்தம்: சப்ளையர், தொடரும் பங்காளிகள், விலகுபவர் மூவரும் கையெழுத்திட்டு, பழைய கடனிலிருந்து விலகுபவரை விடுவிப்பது. இதற்கும் 19ஆம் பிரிவிலேயே இடமுண்டு. எனக்கு ஒரு சப்ளையர் இதைத் தந்தார், இன்னொருவர் மறுத்தார். மறுக்க அவருக்கு உரிமை உண்டு.

மறுத்தவரிடம் கைகொடுத்தது ஓடும் கணக்கு. கடை மாதாமாதம் கட்டுகிற பணம் எந்த இன்வாய்ஸுக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, கட்டுபவர் எந்தக் கடனுக்கென்று சொல்லிக் கட்டினால், சப்ளையர் அதை ஏற்கும்போது அதற்கே வரவு வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் சப்ளையர் தேர்ந்தெடுக்கலாம். இருவருமே சொல்லாவிட்டால் பழைய கடனிலிருந்து கழியும். அதனால், "முதலில் மார்ச் வரையான இன்வாய்ஸுகளைக் கட்ட வேண்டும், எண்ணைக் குறிப்பிட்டே கட்ட வேண்டும்" என்று விலகல் ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன். கடை ஓடியதால் என் பெயரில் இருந்த பாரம் மாதம் மாதம் கரைந்தது. நான் ரசீதுகளின் நகலை வாங்கி வைத்துக்கொண்டேன்.

கலைத்தால் இந்தக் கரைதல் கிடையாது. பழைய கடன் அப்படியே நிற்கும், பழையவர்களுக்கு அறிவிப்பும் கொடுத்தாக வேண்டும். சரக்கை அவசரத்தில் விற்றால் விலை இறங்கும். சிறுதோட்டக்காரர்களின் கடன் நோட்டுதான் பெரிய இழப்பு. அடுத்த மூட்டை உரம் வாங்க வரும்போதுதான் அவர்கள் பழைய பாக்கியில் கொஞ்சம் தருவார்கள். கடை மூடிவிட்டால் யார் தேடி வருவார்கள்? கிடைக்கிற பணத்தில் வெளிக் கடன்காரர்களுக்குக் கொடுத்த பிறகே பங்காளி தந்த கடனும், அதற்குப் பின் முதலும் திரும்பும்.

ஆனால் கடை ஏற்கெனவே கடனைக் கட்ட முடியாமல் தள்ளாடினால் என் வாதம் நிற்காது. தொடரும் பங்காளிகளால் கட்ட முடியாத இடத்தில் விலகுவது ஆபத்து. அங்கே கலைப்பதே மேல். என் அனுபவம் சிறிய கடை, சப்ளையர் கடன் அளவில்தான். வங்கிக்குத் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள், விலகினாலும் அந்த ஜாமீன் தானாக முடியாது என்பதால், வங்கி எழுத்தில் விடுவிக்கும்வரை லாயரோடு பேசாமல் விலகல் தேதியைக் குறிக்க வேண்டாம்.