லெவிடேஷன் ஷாட்னு காசு வாங்கிட்டு ஒட்டு வேலை பண்ணிக் குடுத்தாங்க, ஹேர் ஆயில் சோப்பு விக்கிறவங்க ஒருதடவ படிச்சிருங்க

கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க. நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம் வீட்லயே கூந்தல் தைலம் காய்ச்சி விக்கிறேன். கறிவேப்பிலை, செம்பருத்தி, நெல்லிக்காய், இந்த மூணும்தான் மெயின். இவ்ளோ நாளா மொட்டமாடில பாட்டில வெச்சு போன்ல எடுத்த போட்டோதான் ஓடிட்டு இருந்துச்சு. இப்போ எல்லாரும் போடறாங்கல்ல, நடுவுல பாட்டில் நிக்கும், சுத்தி இலையும் பூவும் காய்த் துண்டும் காத்துல மிதக்கும், அது மாதிரி லெவிடேஷன் ஷாட் ஒண்ணு வேணும்னு எனக்கும் ஆசை வந்துருச்சு. கோயம்புத்தூர்ல ஒரு ஸ்டுடியோ, பேர் சொல்ல விரும்பல, மூணு படம் 18,000னு பேசினாங்க. பாதி அட்வான்ஸ் குடுத்தேன். ஒரு கிலோ நெல்லிக்காய், ஒரு கட்டு கறிவேப்பிலை, செடியில இருந்து காலையில பறிச்ச செம்பருத்தி எல்லாம் கூடையில போட்டு பஸ்ல தூக்கிட்டுப் போனேன், அந்தத் தம்பி கூடைய ஓரமா வெக்கச் சொல்லிட்டு பாட்டில மட்டும் வாங்கி அரைமணி நேரத்துல எடுத்து முடிச்சிட்டாரு. "மிச்சமெல்லாம் எடிட்டிங்ல வந்துரும்க்கா, நீங்க கிளம்புங்க"ன்னாரு. அங்கயே எனக்குப் பொறி தட்டியிருக்கணும், தட்டல.

அஞ்சு நாள் கழிச்சு படம் வந்துச்சு. போன்ல சின்னதா பாக்க பளபளன்னு நல்லாத்தான் இருந்துச்சு, நானும் சந்தோஷத்துல மீதிப் பணத்த அனுப்பிட்டு 500 அட்டைப்பெட்டி அதே படம் போட்டு பிரிண்ட் குடுத்துட்டேன். பெட்டி வந்த அன்னிக்கி எங்க மாமியார் கண்ணாடி போட்டுட்டுப் பாத்துட்டு, "ஏங்கண்ணு, இது என்ன காயி? நெல்லிக்காய்க்கு ஏது மீசை?"ன்னு கேட்டாங்க. அப்பத்தான் நானே உத்துப் பாக்கறேன். நம்ம நெல்லிக்காய் வெளிறின பச்சையில, மேல இருந்து கீழ வரைக்கும் ஆறு மங்கின கோடோட, உள்ள தெரியாத மாதிரி இருக்குமில்ல, இது திராட்சை மாதிரி உள்ள வெளிச்சம் போற காய், நரம்பு நரம்பா வெள்ளைக் கோடு, நுனியில காய்ஞ்ச பூ மீசை மாதிரி தொங்குது. அது கூஸ்பெர்ரி, ஐரோப்பாவுல வெளையறது. நெல்லிக்காய்க்கு இங்கிலீஷ்ல அந்தப் பேரையும் சொல்றதால, நெட்ல ரெடிமேடா கெடைக்கற ஸ்டாக் படத்துல அந்தப் பேரப் போட்டுத் தேடி வந்தத எடுத்து ஒட்டியிருக்காங்க. என் கூடையில ஒரு கிலோ காய் இருந்துச்சுங்க. ரெண்டு கஸ்டமர் வேற "அக்கா தைலத்துல திராட்சை போடறீங்களா"ன்னு மெசேஜ்.

சரி, காய் மாறிப்போச்சுன்னு மட்டும் நெனச்சுதான் கேக்க ஆரம்பிச்சேன். கரூர்ல சாப்பாட்டு போட்டோ எடுக்கற எங்க பெரியம்மா பையன்கிட்ட படத்த அனுப்பினேன், அவன் லேப்டாப்ல பெருசு பண்ணிட்டு போன்ல ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிஞ்சுது. மொதல்ல பாட்டில்ல லைட்டு எங்க இருக்குன்னு பாருக்கான்னான். என்னோடது பழுப்புக் கண்ணாடி பாட்டில், அதோட இடது தோள்ல நீளமா ஒரு வெள்ளைப் பட்டை தெரியுது, அதான் சாஃப்ட்பாக்ஸ், அதாவது வெள்ளைத் துணி மூடி வெளிச்சத்த மெத்துன்னு பரப்பற லைட்டோட பிம்பம், மூடியோட நிழல் வலது பக்கம் விழுது. அப்போ லைட்டு இடது பக்கம் மேல. இப்போ அந்தக் காயப் பாரு, மினுமினுப்பு வலது பக்கம் இருக்கு. செம்பருத்தி ரெண்டு இருந்துச்சு, ரெண்டுலயும் ஒரு இதழ் ஓரம் ஒரே மாதிரி கிழிஞ்சிருக்கு, ஒரே பூவ கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பி இன்னொண்ணா ஒட்டியிருக்காங்க. பூவத் திருப்பினா பூவோட வெளிச்சமும் சேந்து திரும்பிருமில்ல, அதனால ஒரு பூவுக்கு இடது பக்கம் வெயில், இன்னொண்ணுக்கு வலது பக்கம் வெயில். ரெண்டுமே வெயில்ல எடுத்த பூ வேற, மகரந்தத் தண்டோட நிழல் இதழ் மேல கத்தி மாதிரி கூரா விழுந்திருக்கு, ஆனா சாஃப்ட்பாக்ஸ்ல எடுத்த பாட்டிலோட நிழல் ஓரம் மெத்துன்னு கரையுது. தெசை சரியா இருந்திருந்தாலுமே அது ஒட்டாது, ஒட்டுனதுன்னு கண்ணு சொல்லிரும்னான். எனக்கு மொத நாள்ல இருந்தே ஏதோ ஒண்ணு உறுத்திட்டு இருந்துச்சு, என்னன்னு சொல்லத் தெரியாம இருந்தேன்.

அப்புறம் அசைவு. இது நான் யோசிக்கவே இல்லாத விஷயம். மிதக்கற படம்னா எல்லாப் பொருளும் ஏதோ ஒரே காரணத்தால நகருதுன்னு தெரியணும், ஒண்ணு மேல இருந்து விழுது, இல்ல கீழ இருந்து கெளம்புது, இல்ல பாட்டில ஒரு சுத்து சுத்துது. என் படத்துல ஒரு கறிவேப்பிலை படுக்கவாட்டுல கலங்கி ஓடுது, பக்கத்து இலை மூலைவாட்டா கலங்கியிருக்கு, பாட்டிலுக்கு ரொம்ப முன்னாடி பெருசா இருக்கற பூ மட்டும் துல்லியமா ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. நெசமா எடுத்திருந்தா அந்தப் பூதான் கேமராவுக்குக் கிட்ட இருக்கறதால மொதல்ல ஃபோகஸ்ல இருந்து விலகி மங்கலாகியிருக்கணும். அப்பறம் இவ்ளோ பொருள் சுத்தி இருந்தும் கண்ணாடி பாட்டில்ல ஒரு சிவப்புத் துளி கூட பிரதிபலிக்கல, எதோட நிழலும் லேபிள் மேல விழல.

அந்த ஸ்டுடியோவுக்கு போன் பண்ணி இதெல்லாம் சொன்னா, "அக்கா, எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க, கஸ்டமர் யாரும் இவ்ளோ பாக்க மாட்டாங்க"ன்னாரு. நான் ஒட்டுப் போடறதத் தப்புன்னு சொல்லல, அதையும் சொல்லிடறேன். கரூர்த் தம்பி எனக்குத் திருப்பி எடுத்துக் குடுத்ததும் பல படத்தச் சேத்த ஒட்டுதான். ஆனா எல்லாத் துண்டும் ஒரே லைட்ல, ஒரே கேமரா எடத்துல இருந்து எடுத்தது.

அவன் வீட்டு ஹால்லதான் எடுத்தோம், காலை ஏழு மணிக்கு, ஏன்னா செம்பருத்தி ஒரு நாள் பூ, சாயந்தரம் சுருங்கிரும். கேமராவ ஸ்டாண்டுல இறுக்கிப் பூட்டினான், ஃபோகஸ், வெளிச்சம், கலர் எல்லாம் மேனுவல்ல வெச்சு அதுக்கப்புறம் யாரையும் கிட்ட விடல. எல்ஈடி லைட்டு ஒண்ணு சாஃப்ட்பாக்ஸோட இடது பக்கம் மேல, வலது பக்கம் ஒரு வெள்ளை தெர்மக்கோல். மொதல்ல பாட்டில் மட்டும். அடுத்து செம்பருத்தி, காம்புக்குள்ள பின்னாடி வழியா மெல்லிசு கம்பிய விட்டு, கம்பிய ஒரு ஸ்டாண்டுல கவ்வ வெச்சு, பூ படத்துல எந்த எடத்துல மிதக்கணுமோ அதே எடத்துல நிறுத்தி எடுத்தான். இங்கதான் முக்கியமான சங்கதி. பூவ நடுவுல வெச்சு எடுத்துட்டு கம்ப்யூட்டர்ல ஓரத்துக்கு நகர்த்தினா ஆகாதாம், லைட்டுக்குக் கிட்ட இருக்கறது பளிச்சுன்னும் தள்ளி இருக்கறது மங்கியும் இருக்கணும், அது பொருள் அந்தந்த எடத்துல இருந்தாத்தான் தானா வரும். கடைசியா எல்லாத்தையும் எடுத்துட்டு வெறும் பின்னணிய ஒரு படம், கம்பிய அழிக்கறதுக்கு அதுதான் உதவுது. பாட்டில் பக்கத்துல பூ நிக்கறப்ப ஒண்ணு தனியா எடுத்தான், கண்ணாடியில அந்தச் சிவப்பு விழறதுக்காக.

நெல்லிக்காய்தான் பாடு படுத்திருச்சு. நடுவுல கொட்டை இருக்கறதால எலுமிச்சை மாதிரி வட்டமா நறுக்க வராது, பக்கவாட்டுல கொட்டைய ஒட்டி சீவித்தான் எடுக்கணும், வெட்டுன கொஞ்ச நேரத்துல பழுத்துப் போற மாதிரி நெறம் மாறுது. உப்புத் தண்ணியில போட்டு வெச்சு ஒவ்வொண்ணா எடுத்துத் தொடச்சுக் குடுத்துட்டே இருந்தேன். கறிவேப்பிலை வாடாம இருக்க தண்ணியும் கிளிசரினும் சரிபாதியா கலந்து பூப்போல ஸ்ப்ரே பண்ணினான், துளி அப்படியே உருண்டு நின்னுச்சு.

அசைவுக்கு எல்லாம் மேல இருந்து விழுதுன்னு முடிவு பண்ணிக்கிட்டோம். ரெண்டு நெல்லிக்காய்த் துண்ட மட்டும் நெசமாவே விழவிட்டு எடுத்தான். ஒரு அடி ஒசரத்துல இருந்து விழறது லென்சு முன்னாடி வர்றப்ப நொடிக்கு கிட்டத்தட்ட 2.4 மீட்டர் வேகத்துல இருக்குமாம், ஷட்டர் 1/60 நொடி தெறந்திருக்கற மாதிரி வெச்சா 4 செ.மீ. கோடா இழுத்துருது, காய்னே தெரியல. 1/250ல ஒரு செ.மீ.தான் இழுத்துச்சு, அதுதான் பாக்க அழகா இருந்துச்சு. ஷட்டர மாத்துனா வெளிச்சம் கொறையுமேன்னு கேட்டேன், கேமராவுல வெளிச்சத்த கூட்டிக் காட்டற ஐஎஸ்ஓவ ஏத்தி ஈடு கட்டிக்கலாம், லைட்ட மட்டும் தொடவே கூடாதுன்னான். கறிவேப்பிலைய இப்படி விழவிட முடியல, லேசா இருக்கறதால அது இஷ்டத்துக்கு அல்லாடிட்டுப் போகுது, அதனால இலையெல்லாம் கம்பியிலயே நிக்க வெச்சு, காம்பு கீழயும் நுனி மேலயும் இருக்கற மாதிரி எல்லாத்தையும் ஒரே போக்குல சாய்ச்சுக்கிட்டோம். ஒரு படத்துக்கு காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் ஆச்சு. அரைமணி நேரத்துல முடிக்கறவங்க என்ன பண்றாங்கன்னு இப்போ புரியுதா?

யாராவது இந்த மாதிரி எடுக்கக் குடுக்கறீங்கன்னா, பணம் பேசறப்பவே உங்க பொருளத்தான் வெச்சு எடுப்பாங்களா, எடுத்த ஒவ்வொரு தனிப் படத்தோட ரா ஃபைலும், அதாவது கேமராவுல பதிவான எடிட் பண்ணாத ஒரிஜினலும், வெறும் பின்னணிப் படமும் தருவாங்களான்னு கேட்டு வாட்ஸப்ல எழுத்துல வாங்கிக்கங்க, ஒட்டுறவங்ககிட்ட பாட்டில் ரா ஃபைல் தவிர வேற எதுவும் இருக்காது. மீதிப் பணத்த பெரிய ஸ்க்ரீன்ல பாத்துட்டு அனுப்புங்க. நான் போன்ல பாத்துட்டு அனுப்பினதாலதான் இப்போ கேக்கறதுக்கு நாதியில்லாம நிக்கிறேன்.

அந்த 500 பெட்டியும் பரண்மேல கெடக்கு. பணத்தத் திருப்பிக் கேட்டதுக்கு ரெண்டு வாரம் பதில் இல்ல, நேத்து திடீர்னு "சரி பண்ணிட்டேன்க்கா, நிழல் கேட்டீங்கல்ல"ன்னு அதே படம் திரும்ப வந்துச்சு. மீசை வெச்ச காய் அப்படியே இருக்கு. எல்லாப் பூவுக்கும் இலைக்கும் கீழ கருப்பா நிழல் போட்டிருக்காரு, இடது பக்கமா, லைட்டு இருக்கற பக்கமே.