4GB + 64GB போன்: இரண்டு வருடப் பயன்பாட்டில் எது முதலில் திணறுகிறது?

முதல் ஸ்மார்ட்போன் வாங்குபவர்களிடம் கடைக்காரர் “நாலு அறுபத்துநாலு” என்பார். இதில் 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ். ரேம் என்பது சமையல் மேடை, ஸ்டோரேஜ் என்பது அலமாரி. இப்போது திறந்திருக்கும் ஆப்களுக்கான இடம் ரேம். போட்டோ, வீடியோ, இன்ஸ்டால் செய்த ஆப் எல்லாம் தங்குவது ஸ்டோரேஜில். போனை அணைத்தால் மேடை காலியாகிவிடும், அலமாரியில் உள்ளது அப்படியே இருக்கும்.

புதிதில் இரண்டுமே போதுமானதாகத் தெரியும். குறை முதலில் தெரிவது பெரும்பாலும் ஸ்டோரேஜில்தான். 64 ஜிபியில் ஒரு பெரிய பங்கைச் சிஸ்டமே எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் வாட்ஸ்அப் குரூப் வீடியோக்கள் சத்தமில்லாமல் சேரும். நீங்கள் எடுக்கும் ஃபுல் ஹெச்டி வீடியோவும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 எம்பியைத் தாண்டும். ஆப் அப்டேட் பாதியில் நிற்பதும், கேமரா படத்தைச் சேமிக்க மறுப்பதும் இதன் அறிகுறிகள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் Storage and data, அதற்குள் Manage storage திறந்தால் எந்த குரூப் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று தெரியும். அங்கே பெரிய வீடியோக்களை அழித்தாலே சில ஜிபி மீளலாம்.

ரேம் பற்றாக்குறை வேறு மாதிரி தெரியும். ரயில் டிக்கெட் படிவத்தை நிரப்பிவிட்டு, ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போகிறீர்கள். திரும்பி வந்தால் படிவம் வெறுமையாக, ஆப் முதலிலிருந்து தொடங்குகிறது. மேடையில் இடமில்லாததால் பின்னால் இருந்த ஆப்பை ஆண்ட்ராய்டு மூடிவிட்டது. எத்தனை போட்டோ அழித்தாலும் இது தீராது. ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் சரியாக இருக்கும், பிறகு பழைய கதைதான்.

பெட்டியில் “8GB RAM” என்று பெரிதாகப் போட்டு, கீழே சிறிய எழுத்தில் 4GB + 4GB என்றிருந்தால் ஏமாறாதீர்கள். இரண்டாவது 4 ஜிபி, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கும் விர்ச்சுவல் ரேம். உண்மையான ரேமின் வேகம் அதற்கு வராது, ஏற்கெனவே குறுகிய 64 ஜிபியிலும் அந்த அளவு குறைந்துபோகும். ஸ்டோரேஜ் நிரம்பிய பழைய போனில் அதை அணைத்து வைப்பதே நல்லது.

ரேம் போர்டோடு சேர்த்துப் பொருத்தப்பட்டது, பின்னால் கூட்ட முடியாது. ஸ்டோரேஜுக்கு மெமரி கார்டு உதவும், ஆனால் போட்டோ, வீடியோவுக்குத்தான். ஆப்கள் பெரும்பாலும் உள் ஸ்டோரேஜில்தான் இருக்கும். சில போன்களில் கார்டு போட்டால் இரண்டாவது சிம்முக்கு இடமிருக்காது, அதனால் சிம் ட்ரேயை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

மூன்று வருடம் ஓட்ட நினைத்தால் 6GB + 128GB வாங்குங்கள். பட்ஜெட் இடிக்கிறது, பேசவும் வாட்ஸ்அப்பும் யூடியூபும் மட்டும்தான் என்றால் 4GB + 128GB போதும்.