ரென்ச்சிங்கை எங்கே விளக்குவது: அடைப்பிலா, அடிக்குறிப்பிலா, வாக்கியத்துக்குள்ளா?

சமூகவியல் கட்டுரையை மொழிபெயர்க்கும்போது கோட்பாட்டுச் சொற்கள் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. அவற்றுக்கு ஏதோ ஒரு கலைச்சொல் கிடைத்துவிடும். ஒரு சமூகத்தின் அன்றாடப் பேச்சிலிருந்து ஆய்வாளர் எடுத்துக்கொண்டு, அதன் மேலேயே வாதத்தைக் கட்டியிருக்கும் சொல்தான் நம்மைத் திணறடிக்கும். அப்படிப்பட்ட சொல்லைக் கையாள மூன்று வழிகள் உண்டு. அடைப்புக்குறிக்குள் சுருக்கமாக விளக்கலாம், அடிக்குறிப்பு போடலாம், அல்லது சொல்லையே விட்டுவிட்டுப் பொருளை விரித்து எழுதலாம். எது சிறந்தது என்று பொதுவாகப் பேசினால் ஓரிடத்துக்கும் போய்ச் சேர மாட்டோம். ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு மூன்றையும் சோதித்துப் பார்க்கலாம்.

நான் எடுப்பது ‘ரென்ச்சிங்’ என்ற சீனச் சொல். தைவானைச் சேர்ந்த சமூக உளவியலாளர் ஹ்வாங் குவாங்-குவோ 1987-இல் அமெரிக்கச் சமூகவியல் இதழ் ஒன்றில் எழுதிய ஆங்கிலக் கட்டுரைக்குப் பிறகு, சீனச் சமூகம் பற்றிய ஆய்வுகளில் இது அடிக்கடி தென்படும் சொல். ஆங்கிலத் தலைப்பில் ‘உதவி, சலுகை’ என்ற பொருள் தரும் சொல்லை அதற்கு இணையாக வைத்தவர், உள்ளே போனதும் அதற்கு மூன்று பொருள்களைச் சொல்கிறார். வாழ்க்கைச் சூழல்களில் மனிதருக்கு எழும் இயல்பான உணர்வு ஒன்று. ஒருவர் இன்னொருவருக்கு அன்பளிப்பாகத் தரக்கூடிய வளம் இன்னொன்று. மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பழக வேண்டும் என்ற சமூக நெறி மூன்றாவது. ஒரே சொல், ஒரே கட்டுரை, மூன்று பொருள்.

இனி நேர்காணல் மேற்கோள் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். வாக்கியம் நான் அமைத்தது, ஆனால் இந்த வகைக் கட்டுரைகளில் இப்படித்தான் வரும். ஒரு தொழிலாளி தன் மகனுக்கு வேலை கிடைத்த கதையைச் சொல்கிறார்.

அடைப்பு விளக்கத்துடன்: “அவர் எனக்கு ரென்ச்சிங் (பெற்ற உதவிக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய கடமை) பட்டிருந்தார். அதனால் பையன் வேலையைப் பற்றிக் கேட்டேன்.”

அடிக்குறிப்புடன்: “அவர் எனக்கு ரென்ச்சிங்* பட்டிருந்தார். அதனால் பையன் வேலையைப் பற்றிக் கேட்டேன்.”

விரித்து எழுதினால்: “நான் முன்னால் செய்ததற்கு அவர் எனக்கு ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. அதனால் பையன் வேலையைப் பற்றிக் கேட்டேன்.”

படிக்கச் சுகமானது மூன்றாவதுதான். ஒரு மனிதர் பேசுவது காதில் விழுகிறது. முதலாவதில் தொழிலாளியின் வாய்க்குள் ஆய்வாளரின் குரல் புகுந்துவிட்டது. தன் வாழ்க்கையைச் சொல்லும் எவரும் நடுவில் அகராதியைத் திறப்பதில்லை. இதோடு நிறுத்தினால் விரித்தெழுதுவதே நல்லது என்று தோன்றும்.

ஆனால் கட்டுரையின் அடுத்த பத்தியைப் பாருங்கள். ‘இந்தத் தொழிலாளி ரென்ச்சிங் என்ற சொல்லைக் கடனைப் போலக் கையாளுகிறார்’ என்று ஆய்வாளர் தொடங்குவார். மூன்றாவது வடிவத்தில் அந்தத் தொழிலாளி அப்படியொரு சொல்லையே சொல்லவில்லையே! சான்றிலிருந்து சொல்லை எடுத்துவிட்டோம், அந்தச் சொல்லைப் பற்றிய வாதம் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. வாசகர் திரும்பிப் போய்த் தேடுவார், கிடைக்காது. சொல்லே சான்றாக இருக்கும் இடத்தில் விரித்தெழுதக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

விரித்தெழுதுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு, அது எளிதில் கண்ணில் படாது. விரித்து எழுதப் போனால், நம்மை அறியாமலே நம் மொழியின் சொல் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். ரென்ச்சிங்குக்கு ‘நன்றிக்கடன்’ என்று எழுத யாருக்கும் கை வரும். அழகாகவும் பொருந்துகிறது. பொருத்தம் உண்மையானதா என்று பார்க்க எளிய சோதனை இருக்கிறது: அந்தச் சொல்லைக் கட்டுரையின் முக்கியமான கூற்றுக்குள் வைத்துப் படியுங்கள். ஹ்வாங் உறவுகளை மூன்றாகப் பிரிக்கிறார். குடும்பம் போன்ற நெருங்கிய உறவுகளில் யாருக்கு என்ன தேவை என்பது முடிவு செய்கிறது. அந்நியரிடம் கொடுத்ததற்கு ஏற்ற நியாயக் கணக்கு. இரண்டுக்கும் நடுவிலுள்ள, தெரிந்தவர்கள், அண்டை வீட்டார், உடன் படித்தவர்கள் என்ற கலப்பு உறவுகளில்தான் ரென்ச்சிங் நெறி வேலை செய்கிறது. இந்த இடத்தில் ‘நன்றிக்கடன்’ என்று வைத்துப் படித்தால் உடனே உரசும். தமிழ்க் காதுக்கு நன்றிக்கடன் மிக அழுத்தமாக ஒலிப்பது பெற்றோரிடம்தான். ஹ்வாங் சொல்வதோ ரென்ச்சிங்கின் களம் குடும்பத்துக்கு வெளியே என்று. ஒரு சொல்லை மாற்றியதில் கட்டுரையின் வரைபடமே தலைகீழாகிவிட்டது.

கைக்கு வரும் மற்றத் தமிழ்ச் சொற்களும் இப்படித்தான். ‘சிபாரிசு’ ஒரு செயலைக் குறிக்கும், உறவைக் குறிக்காது. ‘முகதாட்சண்யம்’ நல்ல சொல், எதிரே நிற்பவரிடம் மறுக்க முடியாத அந்தச் சங்கடத்தை அப்படியே பிடிக்கிறது. ஆனால் அதை ரென்ச்சிங்குக்கு வைத்தால், அடுத்து வரும் ‘மியான்ட்ஸி’ என்ற சொல்லுக்கு, அதாவது பிறர் முன்னால் ஒருவருக்குள்ள முகத்துக்கு, என்ன செய்வது? இரண்டும் கலங்கிப் போகும். ‘கைமாறு’ எனக்குப் பிடித்த சொல், ஆனால் அது திரும்பி வரும் பாதியை மட்டுமே சொல்கிறது.

சரி, சொல்லை வைத்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டது. இப்போது போட்டி அடைப்புக்கும் அடிக்குறிப்புக்கும்.

அடைப்பு விளக்கத்துக்குத் தமிழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு, வேற்றுமை உருபு. ‘அவர் ரென்ச்சிங்கை (திருப்பிச் செய்ய வேண்டிய கடமை) மறக்கவில்லை’ என்று எழுதினால் உருபு வெளியே நிற்கிறது, விளக்கம் எழுவாயாக நிற்கிறது, வாசிப்பு தட்டுகிறது. உள்ளேயும் ‘கடமையை’ என்று போட்டால் இலக்கணம் சரியாகும், ஆனால் வாக்கியம் இரண்டு முறை ஓடுவது போலிருக்கும். இதற்கு நான் கண்ட வழி அடைப்பையே கைவிடுவது: ‘ரென்ச்சிங் எனப்படும் கொடுக்கல் வாங்கல் கடப்பாட்டை அவர் மறக்கவில்லை.’ ‘எனப்படும்’ என்ற ஒரு சொல், விளக்கத்தை வாக்கியத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. உருபு ஒரே இடத்தில், கடைசியில் விழுகிறது. சில மொழிகளில் அடைப்பு இயல்பாக நிற்கலாம், தமிழில் ‘எனப்படும்’தான் அந்த வேலையைச் செய்கிறது.

இந்த விளக்கத்தை மேற்கோளுக்குள் வைக்காமல், மேற்கோளுக்கு முன்னால் வரும் ஆய்வாளரின் அறிமுக வாக்கியத்தில் வைத்துவிட வேண்டும். அப்போது தொழிலாளி ‘ரென்ச்சிங்’ என்று வெறுமனே சொன்னாலும் வாசகருக்குப் புரியும், அவருடைய பேச்சும் சிதையாது. முன்வாக்கியமே இல்லாமல் மேற்கோள் தொடங்கினால் ஒரு வரியை நாம் நுழைக்கக் கூடாது. அங்கே அடிக்குறிப்பு, அல்லது மொழிபெயர்ப்பாளர் சேர்த்தது என்று தெரியும்படி சதுர அடைப்பு.

ஒரே முறை விளக்கினால் மூன்று பொருளுக்கும் அது போதுமா என்ற கேள்வி எழும். போதும், ஒரு வேலையை முதலிலேயே செய்திருந்தால். மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் கட்டுரை முழுவதிலும் அந்தச் சொல் வரும் இடங்களைத் தேடி எடுத்து, உணர்வு, வளம், நெறி என்று பிரித்து வையுங்கள். அதைச் செய்யாமல் முதலில் கண்ணில் பட்ட பொருளை வைத்து விளக்கம் எழுதிவிட்டால், பத்துப் பக்கம் தள்ளி ‘ரென்ச்சிங் தெரியாத மனிதர்’ என்று வரும்போது ‘கடமை’ என்ற விளக்கம் ஒட்டாது. அங்கே பேசப்படுவது ஈரமில்லாத மனிதரை. பிரித்து வைத்தபின் முதல் விளக்கத்தை அகலமாக எழுதலாம்: ‘மனித உணர்வு, அதன் பேரில் செய்யும் உதவி, அந்த உதவியால் வரும் கடப்பாடு ஆகிய மூன்றையும் குறிக்கும் சொல்.’ அதற்குப் பிறகு வினைச்சொல் பார்த்துக்கொள்ளும். ‘ரென்ச்சிங் பட்டிருக்கிறேன்’, ‘ரென்ச்சிங்கைத் தீர்த்துவிட்டேன்’ என்றால் கடன். ‘ரென்ச்சிங் செய்தார்’ என்றால் உதவி. ‘ரென்ச்சிங் தெரியாதவர்’ என்றால் உணர்வு. சீன மொழியிலும் ரென்ச்சிங்கைக் கடன்படுவதாகவும் திருப்பித் தருவதாகவும்தான் பேசுகிறார்கள் என்பதால் படு, தீர் என்ற நம் வினைகள் இட்டுக்கட்டியவை அல்ல.

அப்படியென்றால் அடிக்குறிப்புக்கு என்ன வேலை? அதற்கு வேறு வகைச் சொல் வேண்டும். அதே கட்டுரைகளில் ‘ஹூகோவ்’ வரும். சீனாவின் குடும்பப் பதிவு முறை அது. ‘ஹூகோவ் எனப்படும் குடும்பப் பதிவு’ என்று வரிக்குள் சொன்னால் வாசிப்பு தடைபடாது, ஆனால் அந்தப் பதிவு ஏன் ஒருவரின் வாழ்க்கையையே தீர்மானித்தது என்பது விளங்காது. 1958-இல் வந்த சட்டம், வேளாண் பதிவு, வேளாண் அல்லாத பதிவு என்ற பிரிவு, 1998 வரை குழந்தைக்குத் தாயின் பதிவே வந்தது, நகரத்தில் உழைத்தாலும் பதிவு கிராமத்திலேயே இருந்தால் பள்ளியிலும் மருத்துவத்திலும் ஏற்படும் தடை. இவை சொல்லின் பொருளல்ல, சொல்லைச் சுற்றியுள்ள தகவல். தகவலுக்கு அடிக்குறிப்பைவிட நல்ல இடம் இல்லை.

அதில் கவனிக்க வேண்டியது காலம். 2014-இல் சீன அரசு அந்த இரண்டு பிரிவுகளை நீக்குவதாக அறிவித்தது. கட்டுரையின் களப்பணி 1990-களில் நடந்திருந்தால், இன்றைய நிலையை வைத்து எழுதிய அடிக்குறிப்பு வாசகரைத் திசை திருப்பும். ‘பிரிவே இல்லையே, இவர் ஏன் கஷ்டப்பட்டார்’ என்று கேட்பார். களப்பணி நடந்த ஆண்டின் நிலையை எழுதி, பின்னால் வந்த மாற்றத்தைக் கடைசி வரியில் வைப்பது என் வழக்கம். அப்புறம், ஆசிரியரின் குறிப்புகள் எண்ணிலும் மொழிபெயர்ப்பாளரின் குறிப்புகள் உடுக்குறியிலும் இருக்கட்டும். எண்களைக் கலந்துவிட்டால், ‘குறிப்பு 12 பார்க்க’ என்று ஆசிரியர் சொல்லும் இடமெல்லாம் தவறாகும். நாம் சேர்த்த செய்தியை அவர் தலையில் கட்டியதாகவும் ஆகும்.

விரித்தெழுதுவதை நான் முழுக்க ஒதுக்கவில்லை. ஒரே முறை வந்து, வாதத்தில் எந்தப் பங்கும் இல்லாமல் போகும் சொற்கள் உண்டு. ஒருவர் எங்கே வேலை பார்த்தார் என்று சொல்லும்போது மட்டும் ‘டான்வெய்’ என்று வந்தால், ‘அவர் வேலை பார்த்த அரசு நிறுவனம்’ என்று எழுதிவிட்டு நகரலாம். கட்டுரையே டான்வெய் தந்த வீடு, ஓய்வூதியம், கட்டுப்பாடு பற்றியது என்றால் அதே சொல்லை அப்படித் தொலைக்க முடியாது.

அட்டவணையில் மட்டும் இந்த மூன்றுமே அப்படியே பொருந்தாது. ‘பட்ட ரென்ச்சிங்’ என்ற நெடுவரிசைத் தலைப்பில் ‘எனப்படும்’ நுழையாது, விரித்தெழுதினால் கட்டம் வீங்கும், அடிக்குறிப்பு பக்கத்தின் அடிக்குப் போனால் அட்டவணையைத் தனியாகப் படிப்பவர் பார்க்க மாட்டார். அங்கே சொல்லை வெறுமனே நிறுத்தி, அட்டவணைக்கு நேர்கீழே ஒரு வரியில் மூன்று பொருளில் எது இங்கே எண்ணப்பட்டிருக்கிறது என்று எழுதிவிடுகிறேன்.