பவுடர், லிக்விட், பாட்ஸ்: போர் தண்ணீரில் இரண்டு வருடத் துவையல்

மேடவாக்கம் பக்கம் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் 7 கிலோ டாப் லோட் மெஷின். தண்ணீர் போர் தண்ணீர்தான். பிளாஸ்டிக் பக்கெட் வாங்கி ஒரு மாதத்திலேயே உள்பக்கம் வெள்ளை பூத்துவிடும். எங்கள் துணியும் மகளின் யூனிஃபார்மும் மெஷினில் போகும். அம்மா தன் புடவைகளையும் சாயம் போகிற துணிகளையும் கையால்தான் துவைப்பார். இந்த இரண்டு வருடத்தில் பவுடர், லிக்விட், பாட்ஸ் என்று மூன்று வகைச் சோப்பையும் மாற்றி மாற்றி வாங்கி, ஒவ்வொன்றையும் சில மாதங்கள் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்துவிட்டேன்.

முதலில் இருந்தது டாப் லோட் மெஷின் பவுடர். வெள்ளைச் சட்டையெல்லாம் நன்றாகவே வெளுத்தது. ஆனால் மகளின் நீலநிற பினோஃபோர் காய்ந்ததும் மடிப்பு ஓரங்களில் சாக்பீஸ் தேய்த்த மாதிரி வெள்ளைக் கோடுகள். பவுடர் சரியாகக் கரையவில்லை என்று நினைத்து அளவைக் குறைத்தேன். கோடு போகவில்லை. இன்னும் குறைத்தேன். கோடு அப்படியே இருக்க, காலரில் அழுக்கும் தங்க ஆரம்பித்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் துணியை எடுத்து வைத்துக்கொண்டு சோதித்தேன். ஒரு கோட்டின் மேல் வெதுவெதுப்பான தண்ணீரைத் தொட்டுத் தேய்த்தேன். ஈரத்தில் மறைந்தது போல இருந்தது, காய்ந்ததும் திரும்ப வந்துவிட்டது. பக்கத்துக் கோட்டில் சமையலுக்கு வைத்திருந்த வெள்ளை வினிகரில் நாலு சொட்டு விட்டு, இரண்டு நிமிடம் கழித்து அலசினேன். அந்த இடம் மட்டும் பளிச்சென்று பழைய நீலத்துக்கு வந்தது. கரையாத பவுடர் என்றால் வெந்நீருக்கே போயிருக்க வேண்டும். வினிகருக்குத்தான் போனது என்றால் அது சுண்ணாம்பு.

காரணம் இதுதான். பெரும்பாலான பவுடர்களில் சலவை சோடா இருக்கிறது. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியத்தை அது முதலில் பிடித்துச் சுண்ணாம்புத் தூளாக இறக்கிவிடும். அதனால்தான் அழுக்கு எடுக்கும் சரக்கு தடையில்லாமல் வேலை செய்ய முடிகிறது. ஆனால் இறங்கிய தூள் எங்காவது உட்கார்ந்தாக வேண்டும். வெள்ளைத் துணியில் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, கருநீலத்தில் தெரிந்துவிடும். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்து கிட்டை வாங்கித் தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்த்தேன். லிட்டருக்கு 480 மில்லிகிராம் அளவில் காட்டியது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 200 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம். டிடிஎஸ் மீட்டரை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம். அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், துவையலைக் கெடுக்கும் கால்சியம், மெக்னீசியத்தைத் தனியாகச் சொல்லாது.

அடுத்து லிக்விட். முதல் வாரத்திலேயே வெள்ளைக் கோடு நின்றுவிட்டது, ஏனென்றால் நான் வாங்கியதில் சோடா இல்லை. தாளித்த எண்ணெய் தெறித்த கறை, தலை எண்ணெய் ஏறிய தலையணை உறை, காலர் அழுக்கு எல்லாவற்றுக்கும் லிக்விட்தான் கெட்டி. காலரை நனைக்காமல், காய்ந்த துணியிலேயே அரை ஸ்பூன் ஊற்றி விரலால் தடவிப் பத்து நிமிடம் விட்டுவிட்டு மெஷினில் போடுவேன். நனைத்த பிறகு தடவினால் பாதிப் பலன்தான்.

ஆனால் நாலாவது மாதம் வேறு ஒன்று தெரிந்தது. பள்ளி வெள்ளைச் சட்டை மெல்ல மங்கி, சாம்பல் தட்டிவிட்டது. ஒருநாள் இரண்டு நாளில் தெரியாது. பெட்டியில் மடித்து வைத்திருந்த புதுச் சட்டையைப் பக்கத்தில் வைத்தபோதுதான் திக்கென்றது. உப்புத் தண்ணீரில் லிக்விடின் ஒரு பகுதி கால்சியத்தோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடுகிறது. பவுடரில் கிடைக்கிற ஆக்சிஜன் பிளீச்சும் பொதுவாக லிக்விடில் இருப்பதில்லை.

பாட்ஸ் என்பது ஒரு லோடுக்கான சோப்பைத் தண்ணீரில் கரையும் மேலுறையில் அடைத்த சின்னப் பொட்டலம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டிராயரில் போடக்கூடாது, டிரம்மின் அடியில் வைத்து அதன் மேல் துணி போட வேண்டும். முழு லோடு, நார்மல் சைக்கிள் என்றால் நன்றாகவே துவைக்கிறது. எங்கள் வீட்டில் பாதி லோடுதான் அதிகம், பாட்ஸைப் பாதியாக வெட்ட முடியாது. குயிக் வாஷில் ஒருமுறை தலையணை உறைக்குள் போய் மாட்டிக்கொண்டு, மேலுறை கரையாமல் கோந்து மாதிரி ஒட்டியிருந்தது. ஈரக்கையால் டப்பாவில் கை விட்டால் நாலைந்து பாட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கைத்துவையலுக்கு இது வேண்டவே வேண்டாம்: ஒரு பக்கெட்டுக்கு அதிகம், குத்திப் பிழிந்தால் கண்ணில் தெறிக்கும். குழந்தை இருக்கும் வீட்டில் மிட்டாய் மாதிரி தெரியும் என்பதால் நான் மேல் அலமாரியில் பூட்டித்தான் வைத்திருந்தேன். செலவும் பாதி லோடுக்கு மற்ற இரண்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. தீர்ந்ததும் நிறுத்திவிட்டேன்.

கைத்துவையல் கதை தனி. அம்மா எப்போதும் பவுடரைப் பக்கெட்டில் கொட்டி, கையாலேயே கலக்குவார். "கை திகுதிகுன்னு எரியுதுடா, ராத்திரி எண்ணெய் தடவினாத்தான் தூக்கம் வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பார்த்தால் விரல் நுனியெல்லாம் வெடிப்பு. பவுடரில் காரம் அதிகம், கொஞ்சத் தண்ணீரில் கரைக்கும்போது சூடும் ஏறும். அவருக்கு மெஷின் லிக்விடையே ஒரு பக்கெட்டுக்கு இரண்டு டீஸ்பூன் என்று கொடுத்தேன். முதல் நாள் "நுரையே காணோமேடா, அழுக்கு எப்படிப் போகும்?" என்றார். மெஷின் சரக்கில் நுரை குறைவாகத்தான் செய்வார்கள், நுரைக்கும் அழுக்குக்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை. புடவை ஓரத்து அழுக்கு போனதைப் பார்த்த பிறகே ஒத்துக்கொண்டார். அதைவிட அவருக்குப் பிடித்தது, நாலு பக்கெட் தண்ணீரில் அலசியது இரண்டு பக்கெட்டில் முடிந்தது. ஒரு மாதத்தில் வெடிப்பு ஆறியது. பட்டுப்புடவையை மட்டும் இரண்டிலும் விடுவதில்லை. புரதத்தைக் கரைக்கும் என்சைம் சேர்த்திருந்தால் பட்டு நூலையும் அரிக்கும்.

இப்போது செய்வது இது. கலர், கருப்பு, நீலம் எல்லாம் லிக்விட், பாதி லோடுக்கு 40 மில்லி. வெள்ளைத் துணி வாரம் ஒருமுறை, தனி லோடு, பவுடர். பவுடரை டிராயரில் போடாமல் அரை பக்கெட் வெதுவெதுப்பான தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொஞ்சம் தெளியவிட்டு மேலாக டிரம்மில் ஊற்றி, ஒரு ரின்ஸ் கூடுதலாக வைக்கிறேன். ஏற்கெனவே கோடு விழுந்த பினோஃபோரை ஒரு பக்கெட் தண்ணீரில் அரை டம்ளர் வினிகர் விட்டு இருபது நிமிடம் ஊறவைத்து அலசினேன். இரண்டு தடவையில் சுத்தம். குளோரின் பிளீச் போட்ட தண்ணீரில் வினிகர் ஊற்றிவிடாதீர்கள், விஷவாயு வரும்.

அளவு அதிகமாகிறதா என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். துவைத்த துணியையே சோப்பு எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிட்டு மூடியைத் திறந்து பார்ப்பேன். நுரை மிதந்தால் போன வாரத்து லிக்விட் இன்னும் துணியில் இருக்கிறது என்று அர்த்தம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு எங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் இளகும்போது இப்படித்தான் தெரிந்தது. அந்த மாதங்களில் 40 மில்லியை 25 ஆகக் குறைத்துவிடுகிறேன், பங்குனியில் பக்கெட் ஓரம் மறுபடி வெள்ளை பூக்க ஆரம்பித்ததும் பழைய அளவுக்குப் போய்விடுவேன்.