குரோம் குழாயைப் படம் எடுக்கக் கொடுக்கப் போகிறீர்களா?

பாத்ரூம் ஃபிட்டிங்ஸ் விற்கிறவர்கள் கேட்லாக்குக்குப் படம் எடுக்கும்போது ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்குப் படம் எடுத்துக் கொடுத்தவர் பெயர் வேண்டாம். கல்யாண வேலையில் கெட்டிக்காரர், அதில் குறை சொல்ல முடியாது. "புராடக்டா? அதெல்லாம் ஈஸி சார்" என்று பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

வந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேசின் குழாயின் கழுத்து வளைவில் மேலே டியூப்லைட், நடுவில் ஃபேன், அதற்குக் கீழே மஞ்சள் டீசர்ட்டோடு அவரே நிற்கிறார்! கேட்டால், "போலரைசர் ஃபில்டர் போட்டால் போய்விடும்" என்றார். கண்ணாடி, தண்ணீர் மேல் விழும் பிரதிபலிப்பைத்தான் அந்த ஃபில்டர் குறைக்கும். உலோகத்தில் அது பெரும்பாலும் எடுபடாது. அப்புறம் எடிட்டிங்கில் தேய்த்துத் தேய்த்து அனுப்பினார். பளபளப்பும் சேர்ந்தே போய், குரோம் குழாய் சாம்பல் நிற பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிட்டது.

வேறொருவரிடம் கொடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. வளைந்த குரோம் கிட்டத்தட்ட அறை முழுவதையும் காட்டும். அதனால் அவர் அறையையே மறைத்துவிட்டார். குழாயைச் சுற்றி இரண்டு பக்கமும் மேலேயும் பட்டர் பேப்பர் கட்டி, லைட்டை அதற்கு வெளியே வைத்தார். குழாயில் தெரிந்தது அந்த வெள்ளைப் பேப்பர் மட்டும்தான். வெறும் வெள்ளையாக இருந்தால் வடிவம் தெரியாது என்று, ஓரமாகக் கறுப்பு அட்டைப் பட்டைகளை நிறுத்தினார். விளிம்பில் கூர்மையான கறுப்புக் கோடு விழுந்தது, பளபளப்பே அதில்தான் வந்தது. கேமராவைத் தள்ளி வைத்து, டெலி லென்ஸ் போட்டு, பேப்பரில் விட்ட சின்ன இடைவெளி வழியாக எடுத்தார். கையுறை போடாமல் குழாயைத் தொடவும் விடவில்லை.

தண்ணீரிலும் முதல் ஆள் சொதப்பியிருந்தார். குழாய் நுனியில் இருக்கும் ஏரேட்டர் தண்ணீரில் காற்றைக் கலக்கும். அதனால் தண்ணீர் நுரை நுரையாக, வெள்ளையாகத்தான் விழும். இரண்டாவது ஆள் அதைக் கழற்றிவிட்டு, பம்பிலிருந்து நேராக வரும் லைனை விட்டு மேல்தொட்டித் தண்ணீரை மெதுவாகத் திறந்தார். கண்ணாடிக் கம்பி போல அசையாமல் இறங்கியது. ஏரேட்டர் இல்லாத படத்தைப் போட்டுவிட்டு ஏரேட்டர் உள்ள குழாயை விற்பது சரியா என்று எனக்கு ஒரு உறுத்தல். அதனால் கேட்லாக்கில் அடிக்குறிப்புப் போட்டிருக்கிறேன்.

முன்பணம் கொடுக்கும் முன், படம் எடுப்பவர் ஏற்கெனவே எடுத்த குரோம் படம் ஒன்றைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சுருங்கி வருவது போதாது, முழு அளவு ஃபைல் வேண்டும். வளைவை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். ஜன்னலோ ஆளோ தெரிந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். ஒரு குழாயை மட்டும் முதலில் எடுத்துக் காட்டச் சொன்னாலும் நல்லது.

என் முன்பணம் இன்னும் திரும்பவில்லை. கேட்டால், "இன்னொரு தடவை எடிட் பண்ணித் தர்றேன் சார்" என்கிறார்.