டிப்ரஷன் மாத்திரை சாப்பிடுபவருக்கு எந்த வலி மாத்திரை: டிரமடாலா, பாராசிட்டமாலும் நாப்ராக்ஸெனுமா?

அம்மா சில வருடங்களாக ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற டிப்ரஷன் மாத்திரை 20 மில்லிகிராம் சாப்பிடுகிறார். மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டபின் எழுதிய சீட்டில் டிரமடால் 37.5 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை இருந்தது. நான் மருந்தாளுநர். மருத்துவரிடம் திரும்பப் போய் ஃப்ளூவாக்ஸெட்டின் விஷயத்தைச் சொன்னதும், பாராசிட்டமால் 650, கூடவே சில நாளைக்கு நாப்ராக்ஸென், வயிற்றுக்குப் பான்டப்ரஸோல் என்று மாற்றி எழுதினார். ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

விலையிலோ கிடைப்பதிலோ பெரிய வித்தியாசம் கிடையாது. டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டதால் சீட்டு இல்லாமல் தரக்கூடாது. குமட்டல், தலைசுற்றல், மலச்சிக்கல் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முடிவைத் தீர்மானிப்பது இவை எதுவுமல்ல, கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி.

டிரமடாலுக்கு இரண்டு வேலை. வாயில் போடும் டிரமடால், நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் செரட்டோனினும் நார்அட்ரினலினும் நரம்பு முனையில் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. பல டிப்ரஷன் மாத்திரைகளின் வேலையும் இதுதான். அதாவது அதற்குள்ளேயே ஒரு சின்ன டிப்ரஷன் மாத்திரை ஒளிந்திருக்கிறது. மார்ஃபின் மாதிரி வலியை அடக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது, கல்லீரலில் சிஒய்பி 2டி6 என்ற நொதி டிரமடாலை மாற்றி உருவாக்கும் இன்னொரு பொருள். ஃப்ளூவாக்ஸெட்டினும், இன்னொரு டிப்ரஷன் மாத்திரையான பராக்ஸெட்டினும் இந்த நொதியைப் பலமாக முடக்கிவிடும். விளைவு என்ன? வலியடக்கும் பொருள் குறைவாகத்தான் உருவாகும், மாறாத டிரமடால் உடலில் சேரும். வலியும் சரியாக அடங்காது, செரட்டோனினும் ஏறும். வலி குறையவில்லையே என்று இன்னொரு மாத்திரை போட்டுக்கொண்டால் ஏறுவது பெரும்பாலும் செரட்டோனின் பக்கம்தான். வலிப்பு வரும் வாய்ப்பும் கூடவே ஏறும்.

"அப்படியென்றால் நாலு நாள் டிப்ரஷன் மாத்திரையை நிறுத்திவிட்டு வலி மாத்திரை சாப்பிடலாமா?" என்று கடையில் கேட்பார்கள். கூடாது. ஃப்ளூவாக்ஸெட்டினும் அது உடைந்து உருவாகும் பொருளும் உடலைவிட்டுப் போக வாரக்கணக்காகும், நாலு நாளில் ஒன்றும் மாறாது. பராக்ஸெட்டின் சீக்கிரம் வெளியேறும்தான். ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை என்று வேறு தொல்லை தொடங்கும்.

சேர்த்துச் சாப்பிடுபவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் செரட்டோனின் அளவுக்கு மீறி ஏறினால் வரும் செரட்டோனின் நோய்க்குறி எப்படி இருக்கும்? பராக்ஸெட்டின் சாப்பிடும் ஒருவருக்கு முதுகுவலிக்கு டிரமடால் 50 மில்லிகிராம் மூன்று வேளை தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வலி குறையாததால் மறுநாள் அவரே 100 ஆக்கிக்கொள்கிறார். வறட்டு இருமலுக்கு வீட்டில் இருந்த டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் சிரப்பையும் குடிக்கிறார். அந்த சிரப்பும் செரட்டோனின் உறிஞ்சலைத் தடுக்கும், அதே நொதி வழியாகத்தான் உடலைவிட்டுப் போகும். மாலைக்குள் கை நடுங்குகிறது, சட்டை நனைய வியர்க்கிறது, இரண்டு மூன்று முறை வயிற்றோட்டம், ஓரிடத்தில் உட்கார முடியாத பரபரப்பு. வீட்டார் காய்ச்சல் என்றோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ நினைப்பார்கள்.

மருத்துவர் முதலில் பார்ப்பது நோயாளியின் கால்களை. பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கித் தள்ளிப் பிடித்தால் கணுக்கால் தானாகவே விட்டுவிட்டுத் துடிக்கும். இதைக் குளோனஸ் என்பார்கள். இந்த நோய்க்குறியைக் கண்டுபிடிக்க 2003இல் ஆஸ்திரேலியாவில் வகுத்த ஹன்டர் அளவுகோல் பெரிதும் இந்தத் துடிப்பை நம்பித்தான் இருக்கிறது. செரட்டோனின் கூட்டும் மருந்து எடுத்தவருக்கு யாரும் தொடாமலே அது வந்தால், இந்த நோய்க்குறி என்று சொல்ல அதுவே போதும். தள்ளிப் பிடித்தால் மட்டும் வருகிறது என்றால் கூடவே பரபரப்போ வியர்வையோ இருக்க வேண்டும். கண்மணி விரிந்திருக்கும், கைகளைவிடக் கால்களில் விறைப்பு அதிகம் தெரியும். இன்னொரு தடயம் நேரம். பெரும்பாலும் மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு 6 மணி நேரத்துக்குள்ளேயே. ஒரு வாரமாக மெல்ல மெல்ல வளரும் விறைப்பு என்றால் வேறு காரணம் தேட வேண்டும். காய்ச்சல் ஏறி உடம்பு விறைத்தால் உயிருக்கே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். குழந்தைகளுக்குப் பசியெடுக்கக் கொடுக்கிற சைப்ரோஹெப்டடினைத்தான் அங்கே செரட்டோனினுக்கு எதிர்மருந்தாகவும் தருவார்கள். அதற்காக வீட்டில் சிரப்பை ஊற்றிக் கொடுத்துப் பார்க்கிற விஷயமல்ல இது.

இனி நான் தேர்ந்தெடுத்த பக்கத்தின் குறை. ரத்தத் தட்டணுக்களுக்கும் செரட்டோனின் தேவை. டிப்ரஷன் மாத்திரை அதை அவற்றுக்குள் போகவிடாமல் தடுப்பதால் ரத்தம் உறைவது கொஞ்சம் மந்தமாகும். அதோடு நாப்ராக்ஸென், டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். பான்டப்ரஸோல் எழுதியது அதனால்தான். ஏற்கெனவே அல்சர், சிறுநீரகக் கோளாறு, இதயக்கோளாறு உள்ளவர்களுக்கோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கோ இந்தத் தேர்வு பொருந்தாது. அம்மாவுக்கு அவை இல்லை. வலியும் பாராசிட்டமால் 650ஐ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்துத் தாங்கக்கூடிய அளவில்தான் இருந்தது. பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கு இது போதும் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே மார்ஃபின் மாதிரி செரட்டோனினோடு அதிகம் விளையாடாத மருந்தே டிரமடாலைவிடத் தெளிவான வழி. டபென்டடால் என்ற இன்னொரு வலி மாத்திரை அந்த நொதியை நம்பியில்லை, செரட்டோனின் வேலையும் குறைவு. ஆனால் டிப்ரஷன் மாத்திரையோடு அதை எடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கோடீன் என்ற வலி மருந்து செரட்டோனினை ஏற்றாது. ஆனால் அதுவும் 2டி6 வழியாக மாறினால்தான் வேலை செய்யும் என்பதால் ஃப்ளூவாக்ஸெட்டின்காரருக்குப் பெரும்பாலும் வீண்.

டிப்ரஷனுக்கு எஸ்சிடலோபிராமோ செர்ட்ராலினோ சாப்பிடுபவர் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். வழக்கமான அளவில் அவை 2டி6ஐ அவ்வளவாக முடக்காது, டிரமடாலின் வலியடக்கும் பக்கம் ஓரளவு வேலை செய்யும். ஆனாலும் செரட்டோனின் இரண்டு பக்கமிருந்தும் கூடத்தான் செய்யும். வேறு வழியில்லாமல் மருத்துவர் கொடுத்தால் குறைந்த அளவில் தொடங்கி, முதல் நாள் முழுக்கக் கூட ஒருவர் இருந்து பார்த்துக்கொள்வது நல்லது.

ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் ஆகிய டிரிப்டான் மருந்துகளை டிப்ரஷன் மாத்திரையோடு சேர்ப்பது பற்றி மட்டும் பயம் அளவுக்கு மீறிப் பரவியிருக்கிறது. 2006இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டதிலிருந்து வந்த பயம் அது. 2018இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், டிரிப்டானும் டிப்ரஷன் மாத்திரையும் சேர்த்து எழுதப்பட்ட 19,017 பேரில் உறுதியாகச் சொல்லக்கூடிய செரட்டோனின் நோய்க்குறி இரண்டே பேருக்குத்தான். செல்களில் டிரிப்டான் போய்ப் பிடிக்கும் இடங்களான ஏற்பிகள் வேறு, இந்தக் கோளாறைக் கிளப்புவதாகக் கருதப்படும் ஏற்பி வேறு. அதனால் அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி இருந்து, இதயமும் ரத்த அழுத்தமும் சரியாக இருந்தால், மருத்துவர் எழுதும் டிரிப்டானை நான் தடுக்கமாட்டேன். இருமல் சிரப் வாங்கும்போது மட்டும் பாட்டிலில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் வைத்துவிடுவேன்.